முதல் ஐடி வேலைக்கு எந்த சர்டிஃபிகேட்? டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். மற்ற நாட்களில் ஐடி சப்போர்ட் வேலை. வகுப்பு முடிந்து கதவைப் பூட்டுகிற நேரத்தில் பெற்றோரும் பெரிய பிள்ளைகளும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

மகன் மெட்ரிக் முடிச்சுட்டான், யூனிவர்சிட்டிக்குப் பணம் இல்லை. இந்த ஐடி சர்டிஃபிகேட் டிகிரிக்குச் சமமா, அண்ணா?

சமமில்லை, அக்கா. டிகிரி, டிப்ளமா எல்லாம் என்க்யூஎஃப் என்ற நாட்டுத் தகுதி வரிசையில் ஒரு நிலையில் இருக்கும். மெட்ரிக் அதில் 4-ம் நிலை. காம்ப்டியா, சிஸ்கோ, மைக்ரோசாஃப்ட் தருகிற சர்டிஃபிகேட்டுகளுக்கு அப்படி நிலை எண் கிடையாது. அந்த நிறுவனம் வைத்த தேர்வில் இவர் தேறினார் என்பதற்கு மட்டுமே அவை சாட்சி. அரசாங்க வேலை விளம்பரத்தில் என்க்யூஎஃப் 6 கேட்டிருந்தால், ஏ பிளஸ் போன்ற ஒரு சர்டிஃபிகேட்டைக் காட்டி அந்த இடத்தை நிரப்ப முடியாது.

தனியார் கம்பெனிகளின் சப்போர்ட் வேலைகளில் நிலைமை வேறு. மெட்ரிக்கோடு இன்ன சர்டிஃபிகேட் வேண்டும் என்று விளம்பரத்திலேயே எழுதியிருப்பார்கள். இந்தப் பக்கம் அந்த வேலைகளைப் பற்றியது.

பேர் மட்டும் நிறைய கேள்விப்படுறேன். ஆரம்பிக்கிறவங்க எதையெல்லாம் பார்த்தா போதும்?

ஐந்தைப் பார்த்தால் போதும். காம்ப்டியாவின் ஏ பிளஸ், கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பிலிருந்து விண்டோஸ், அடிப்படை நெட்வொர்க் வரை கேட்கும். சிஸ்கோவின் சிசிஎன்ஏ முழுக்க நெட்வொர்க். மைக்ரோசாஃப்டின் அஷூர் ஃபண்டமென்டல்ஸ் (AZ-900) கிளவுட் அறிமுகம். ஐஎஸ்சி2 அமைப்பின் சிசி, சைபர் பாதுகாப்பின் அரிச்சுவடி. ஐந்தாவது, கோர்செரா என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் இருக்கும் கூகுள் ஐடி சப்போர்ட் சர்டிஃபிகேட்.

நம் ஊர் விளம்பரங்களில் என் பிளஸ் என்றும் வரும். அது காம்ப்டியாவின் நெட்வொர்க் பிளஸ், ஏ பிளஸ்ஸுக்கு அடுத்த படி. இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்வது தென்னாப்பிரிக்காவில் பழகிப்போன வழக்கம்.

சரி, இதில் எதை எடுக்கட்டும்? நேரா சொல்லுங்க.

டர்பனில் முதல் வேலை தேடுகிற, அனுபவம் எதுவும் இல்லாத ஒருவருக்கு நான் ஏ பிளஸ்ஸைத்தான் சொல்வேன். ஆனால் என் பேச்சை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். ஒரு தாளை எடுத்துக்கொண்டு, நீங்கள் நிஜமாகவே போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் 30 வேலை விளம்பரங்களைப் படியுங்கள். அம்ஹ்லாங்கா, பைன்டவுன், ப்ராஸ்பெக்டன் என்று இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, ஒவ்வொரு விளம்பரமும் கேட்கிற சர்டிஃபிகேட்டுக்கு எதிரே ஒரு கோடு போடுங்கள்.

ஃபீனிக்ஸில் இருந்து வந்த ஒரு தம்பியை இப்படிச் செய்யச் சொன்னேன். சிசிஎன்ஏதான் பெரிது, அதை எடுத்தால் சம்பளம் கூடும் என்ற முடிவோடு வந்தவன் அவன். தாளில் ஏ பிளஸ்ஸுக்கு எதிரே கோடுகள் வரிசையாக ஏறின, என் பிளஸ் அதை ஒட்டியே வந்தது. சிசிஎன்ஏ கேட்ட விளம்பரங்களும் இருந்தன, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கூடவே இரண்டு மூன்று வருட அனுபவத்தையும் கேட்டன. அஷூர் கேட்டவை 'இருந்தால் நல்லது' என்ற வரியில்தான் கேட்டன. அவன் எதிர்பார்க்காத இன்னொரு கோட்டு வரிசையும் தாளில் வந்தது. அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

விளம்பரத்தில் 'கட்டாயம்' என்று இருப்பதற்கும் 'இருந்தால் நல்லது' என்று இருப்பதற்கும் தனித்தனியாகக் கோடு போடுங்கள். அனுபவம் கேட்கிற விளம்பரத்தை ஒதுக்கி வையுங்கள், அதை எண்ணினால் கணக்கு பொய்யாகிவிடும். நெட்வொர்க் கேபிள் போடுகிற கம்பெனியோ இன்டர்நெட் சேவை தருகிற கம்பெனியோ உங்கள் வீட்டுப் பக்கம் இருந்து, அனுபவம் இல்லாதவர்களையும் எடுத்தால், உங்கள் தாளில் சிசிஎன்ஏ மேலே வரலாம். அப்போது அதையே எடுங்கள்.

எல்லாமே கம்ப்யூட்டர்தானே? ஒண்ணு படிச்சா இன்னொண்ணும் தெரிஞ்சிடாதா?

தெரியாது. ஒரே ஒரு புகாரை வைத்துக் காட்டுகிறேன், வித்தியாசம் புரியும். பைன்டவுனில் ஒரு சின்ன அலுவலகம், 12 கம்ப்யூட்டர்கள். கணக்குப் பிரிவில் இருக்கும் அம்மா போன் செய்து, 'என் கம்ப்யூட்டரில் மட்டும் இன்டர்நெட் இல்லை' என்கிறார். அவரைக் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து இதை அடிக்கச் சொல்கிறீர்கள்:

```
ipconfig /all
```

வருகிற பதிலில் முக்கியமான வரிகள் இவை:

```
Autoconfiguration IPv4 Address. . : 169.254.23.7(Preferred)
Subnet Mask . . . . . . . . . . . : 255.255.0.0
Default Gateway . . . . . . . . . :
```

ஏ பிளஸ்ஸை ஒழுங்காகப் படித்தவருக்கு 169.254 என்ற எண்ணைப் பார்த்ததுமே விஷயம் பிடிபடும். கம்ப்யூட்டருக்கு முகவரி கொடுக்க வேண்டியது டிஹெச்சிபி சர்வர். சின்ன அலுவலகங்களில் பெரும்பாலும் ரவுட்டரே அந்த வேலையைச் செய்யும். அதனிடம் கேட்டும் பதில் வராததால், விண்டோஸ் தானாக ஒரு முகவரியைப் போட்டுக்கொண்டது. ஆக, வெளியே இன்டர்நெட் போனதா என்று தேடுவது வீண். இந்தக் கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையில்தான் கோளாறு. கேபிள் சொருகும் இடத்தில் விளக்கு எரிகிறதா என்று கேட்பார், கேபிளை மாற்றுவார், பக்கத்து மேசையின் கேபிளைச் சொருகிப் பார்ப்பார், பிறகு `ipconfig /renew` அடிக்கச் சொல்வார். பக்கத்து மேசை கேபிளில் வேலை செய்தால், பழுது கேபிளிலோ சுவரில் உள்ள போர்ட்டிலோ எல்லாக் கேபிள்களும் போய்ச் சேருகிற நெட்வொர்க் சுவிட்ச் பக்கத்திலோ இருக்கிறது.

சிசிஎன்ஏ படித்தவர் அதற்கு மேலும் போவார். சுவிட்சுக்குள் நுழைந்து `show interfaces status`, `show vlan brief` என்று அடித்து, அந்த போர்ட் தவறான விலானில், அதாவது ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த வேறொரு நெட்வொர்க்கில், மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். நேற்று யாரோ மேசைகளை இடம் மாற்றியிருந்தால் இப்படி ஆவது சகஜம். ஆனால் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மாதத்தில் அந்த சுவிட்சின் பாஸ்வேர்டைத் தர மாட்டார்கள். அதனால்தான் சிசிஎன்ஏ அறிவு முதல் வேலையில் சும்மா கிடக்கிறது, இரண்டாவது வேலையில் சோறு போடுகிறது.

அஷூர் ஃபண்டமென்டல்ஸ் படித்தவருக்குக் கிளவுடில் எதற்குப் பணம் கட்டுகிறோம், எந்தப் பொறுப்பு மைக்ரோசாஃப்டுடையது, எது நம்முடையது என்று தெரியும். இந்த அம்மாவின் போனுக்கு அது உதவாது. சிசி படித்தவருக்கு, யாருக்கு எந்த அனுமதி தரலாம், ஊடுருவல் நடந்தால் யாரிடம் சொல்வது என்றெல்லாம் தெரியும். அதுவும் இந்த போனுக்கு உதவாது. கூகுள் பாடத்தில் டிஹெச்சிபி பற்றி நல்ல விளக்கமே இருக்கிறது, அதில் எனக்குக் குறை இல்லை. அதன் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

கூகுள் சர்டிஃபிகேட் மட்டும் போதும்னு என் தோழி சொல்றாளே?

பாடம் நன்றாக இருக்கிறது, ஆரம்பிக்கிறவருக்கு மொழியும் எளிது. ஆனால் கடைசியில் யாரும் கண்காணிக்கிற தேர்வு கிடையாது. வீட்டில் உட்கார்ந்து சின்னச் சின்ன வினாக்களை முடித்தால் சர்டிஃபிகேட் வந்துவிடும். வேலைக்கு எடுப்பவருக்கும் அது தெரியும். அதோடு, மேலே சொன்ன தாளில் எண்ணினால் அதன் பெயர் எத்தனை முறை வருகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

கூகுள் பாடம் ஏ பிளஸ் தேர்வுக்குத் தயாராவதற்கு உதவும் என்று சொல்லித்தான் தருகிறார்கள். நானும் அதை அப்படியே பயன்படுத்தச் சொல்வேன். கோர்செராவில் மாதக் கட்டணம் என்பதால் இழுத்தடித்தால் செலவு ஏறும். பணமில்லாதவர்கள் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

மொத்தம் எவ்வளவு ஆகும்? ராண்டில் சொல்லுங்க.

ராண்டில் எழுதினால் அடுத்த மாதமே தப்பாகிவிடும், ஏனென்றால் விலை டாலரில் வைக்கப்படுகிறது. நாட்டுக்கு நாடும் மாறுகிறது. சிசிஎன்ஏ ஒரே தேர்வு, 300 டாலர். அஷூர் ஃபண்டமென்டல்ஸுக்கு அமெரிக்காவில் 99 டாலர், வேறு நாடுகளில் வேறு விலை. தேர்வு பதிவு செய்யும் தளத்தில் நாட்டைத் தென்னாப்பிரிக்கா என்று மாற்றிவிட்டு, வாட் சேர்ந்ததா என்று பார்த்து, பிறகு கணக்குப் போடுங்கள்.

ஏ பிளஸ்ஸில் பலரும் ஏமாறுவது இங்கேதான்: அது ஒரு தேர்வு அல்ல, இரண்டு. 220-1201, 220-1202 என்று இரண்டிலும் தேறினால்தான் சர்டிஃபிகேட். ஒன்றில் மட்டும் தேறினால் கையில் எதுவும் வராது. ஒவ்வொன்றும் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். முதலாவதில் 900-க்கு 675, இரண்டாவதில் 700 எடுக்க வேண்டும். தோற்றால் மறுபடி முழுப் பணம். இரண்டு முறை தோற்றுவிட்டால் அடுத்ததற்கு 14 நாள் காத்திருக்க வேண்டும்.

டோங்காட்டில் வார இறுதியில் கடையில் வேலை செய்து சேமிக்கிற ஒரு பெண்ணுக்கு நான் போட்டுக்கொடுத்த திட்டம் இது. தேர்வு எழுதப் பணம் கட்டி வாங்குகிற வவுச்சர் இரண்டையும் ஒன்றாக வாங்காதே, முதலாவதற்கு மட்டும் வாங்கு. மாதிரித் தேர்வில் தொடர்ந்து மூன்று முறை 85 சதவீதத்துக்கு மேல் வந்த பிறகு தேதி போடு. தேறிய பிறகு இரண்டாவதற்குச் சேமி. அவளுக்கு இடைவெளி ஐந்து மாதம் ஆனது, அதனால் எந்த நஷ்டமும் இல்லை. வவுச்சருக்குக் கெடு தேதி உண்டு என்பதால், முன்கூட்டியே வாங்கி வைப்பதில்தான் ஆபத்து.

சிசி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2022-ல் ஐஎஸ்சி2 அதை இலவசத் திட்டமாகத் தொடங்கியதால் பலரும் 'ஃப்ரீ' என்றே பேசுகிறார்கள். தேர்வு இலவசமாகக் கிடைத்தாலும், தேறிய பின் சர்டிஃபிகேட்டை வைத்திருக்க வருடத்துக்கு 50 டாலர் கட்ட வேண்டும்.

பக்கத்துல ஒரு காலேஜ் ஆறு மாசத்துல ஏ பிளஸ், என் பிளஸ் ரெண்டும் தர்றாங்களாம். சேர்க்கலாமா?

சேர்ப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்தக் கட்டணத்தில் காம்ப்டியா தேர்வுக்கான வவுச்சர்கள் இருக்கின்றனவா, எத்தனை?' ஏ பிளஸ், என் பிளஸ் இரண்டுக்கும் மூன்று வவுச்சர் வேண்டும். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். அப்பா கடன் வாங்கிக் கட்டிய பணத்தில் நானும் இப்படி ஒரு காலேஜில் படித்தேன். கடைசியில் பெரிய முத்திரையோடு ஒரு தாள் கொடுத்தார்கள், அதில் 'ஏ பிளஸ்' என்று இருந்தது. முதல் நேர்காணலில் அதை நீட்டினேன். எதிரே இருந்தவர் பொறுமையாக, 'இது நீங்கள் வகுப்புக்குப் போனீர்கள் என்பதற்கான தாள். காம்ப்டியா சர்டிஃபிகேட் எங்கே?' என்று கேட்டார். அப்படி ஒரு தேர்வு தனியாக இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதன் பிறகு எட்டு மாதம் சேமித்து அந்தத் தேர்வுகளை எழுதினேன்.

உண்மையான சர்டிஃபிகேட்டில் சரிபார்க்கும் குறியீடு இருக்கும். வேலை தருகிறவர் அதைக் காம்ப்டியாவின் தளத்தில் போட்டு, உங்கள் பெயர் வருகிறதா என்று பார்க்க முடியும். காலேஜ் தாளில் அது இருக்காது. வீட்டில் ஏற்கெனவே ஒரு தாள் இருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள்.

மாமா பையன் அவனோட ஏ பிளஸ் புத்தகத்தைக் கொடுத்தான், அட்டையில 1101 / 1102 னு இருக்கு. அதையே படிக்கலாமா?

அடிப்படைக்குப் படிக்கலாம், தேர்வுக்கு அதை நம்ப வேண்டாம். 1101, 1102 தேர்வுகள் ஆங்கிலத்தில் 2025 செப்டம்பரோடு முடிந்துவிட்டன. அந்த ஆண்டு மார்ச்சில் வந்த 1201, 1202 தான் இப்போது நடப்பவை. ரேம், கேபிள், பிரின்டர் பற்றிய பாடங்கள் பெரிதாக மாறுவதில்லை. மாறியவை எவை என்று அறிய, காம்ப்டியா தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடத்திட்டத்தை இறக்கி, புத்தகத்தோடு வைத்து ஒப்பிட்டு, இல்லாதவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. இரண்டு தேர்வும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். உங்கள் மாமா மகன் 1101-ல் மட்டும் தேறிவிட்டு நிறுத்தியிருந்தால், இப்போது 1202 எழுதி அதோடு சேர்க்க முடியாது. மீண்டும் 1201-லிருந்து தொடங்க வேண்டும். வரிசை ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாறும். அதனால் இடைவெளி விட்டுச் சேமிப்பதில் தவறில்லை என்று மேலே சொன்னேனே, அது வரிசை முடியும் தேதிக்கு உட்பட்டதுதான்.

அடையாள அட்டையில பேரு ஒண்ணு, எல்லாரும் கூப்பிடற பேரு ஒண்ணு. தேர்வுக்கு எதைக் கொடுக்கணும்? வீட்டிலிருந்தே எழுதலாமா?

அடையாள அட்டையில் இருப்பதையே, எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். நம்மவர்களில் பிள்ளையை வீட்டில் ஒரு தமிழ்ப் பெயரால் கூப்பிட்டு, பதிவில் வேறு பெயர் வைத்திருப்பது சாதாரணம். கல்யாணத்துக்குப் பின் குடும்பப் பெயர் மாறியவர்களும் உண்டு. தேர்வு நடக்கும் பியர்சன் வியூ மையத்தில் பதிவுப் பெயரும் அட்டைப் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள், கட்டிய பணமும் போய்விடும். கணக்கைத் திறக்கும் அன்றே சரிபார்த்துவிடுங்கள்.

வீட்டிலிருந்து எழுத வசதி இருக்கிறது, ஆனால் நான் மையத்துக்குப் போகத்தான் சொல்வேன். நடுவில் கரண்ட் போனாலோ இன்டர்நெட் அறுந்தாலோ தேர்வு பாதியில் நிற்கும். அறைக்குள் தம்பி எட்டிப் பார்த்தாலே தேர்வை நிறுத்திவிடுவார்கள். டாக்ஸிக் கூலியைப் பார்த்து வீட்டில் எழுதுவது, மிச்சப்படுத்துவதைவிட அதிகமாக இழக்க வைக்கும்.

வாட்ஸ்அப்பில் ஒருத்தர் நிஜ கேள்விகளே இருக்குன்னு பிடிஎஃப் அனுப்பினார். அதை மனப்பாடம் பண்ணா ஆகாதா?

வேண்டாம், தம்பி. தேர்வு தொடங்கும் முன் நீங்கள் ஒப்புக்கொள்ளும் விதிகளே அதைத் தடுக்கின்றன. கண்டுபிடித்தால் சர்டிஃபிகேட்டை ரத்து செய்து, மறுபடி எழுதவும் விட மாட்டார்கள். ஏ பிளஸ்ஸில் செய்து காட்ட வேண்டிய கேள்விகளும் வரும், திரையில் சாதனங்களை இணைக்கவோ அமைப்புகளை மாற்றவோ சொல்வார்கள். பிடிஎஃப்பில் மனப்பாடம் செய்த விடை அங்கே கைகொடுக்காது.

தேறிவிட்டாலும் நேர்காணலில் சிக்கும். புதியவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வியே அந்தப் பைன்டவுன் போன்தான். 169.254 என்றால் என்ன என்று மட்டும் சொல்லி நிறுத்துபவர் மனப்பாடம் செய்தவர். 'அடுத்து என்ன செய்வீர்கள்?' என்றதும் கேபிள் விளக்கைப் பற்றிப் பேச ஆரம்பிப்பவர் படித்தவர்.

மூணு வருஷத்துல காலாவதி ஆகிடுமாமே? அப்போ திரும்பவும் பணமா?

ஏ பிளஸ்ஸும் சிசிஎன்ஏவும் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். அஷூர் ஃபண்டமென்டல்ஸுக்குக் கெடு கிடையாது. சிசி பற்றி முன்பே சொல்லிவிட்டேன். ஏ பிளஸ் முடியும் முன்பு நெட்வொர்க் பிளஸ்ஸோ செக்யூரிட்டி பிளஸ்ஸோ தேறினால் ஏ பிளஸ்ஸும் தானாகப் புதுப்பிக்கப்படும். எப்படியும் மேலே போகப்போகிறவருக்கு இது தனிச் செலவாக வராது.

ஏ பிளஸ் எடுத்து நாலு மாசம் ஆச்சு, வேலை இல்லை. அடுத்து சிசிஎன்ஏ எடுத்துடட்டுமா, அங்கிள்?

முதலில் எங்கே தடைபடுகிறது என்று பாருங்கள். 40 இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஒரு போன்கூட வரவில்லை என்றால் சிவியில் கோளாறு. நேர்காணலுக்கு அழைக்கிறார்கள், அதோடு நின்றுவிடுகிறது என்றால் பேசிக் காட்டுவதில் கோளாறு. இரண்டையும் சிசிஎன்ஏ சரிசெய்யாது. சிவியின் முதல் பாதியிலேயே சரிபார்க்கும் குறியீட்டோடு ஏ பிளஸ் இருக்கட்டும். கோவிலிலோ மாமா கடையிலோ நீங்கள் சரிசெய்த நிஜப் பழுதுகள் மூன்றைக் கீழே எழுதுங்கள்: என்ன புகார், எதைச் சோதித்தீர்கள், எது காரணம்.

ஃபீனிக்ஸ் தம்பியின் தாளில் எதிர்பாராமல் வந்த கோட்டு வரிசை என்றேனே, அது ஓட்டுநர் உரிமம். இடத்துக்கு இடம் போய்ப் பழுது பார்க்கும் வேலைகளில் லைசென்ஸும், பல சமயம் சொந்த காரும் கேட்கிறார்கள். அவன் சிசிஎன்ஏவுக்கு வைத்திருந்த பணத்தில் டிரைவிங் வகுப்புக்குப் போனான். கார் இல்லாதவர்கள், போனிலேயே பதில் சொல்கிற சர்வீஸ் டெஸ்க் வேலைகளைக் குறிவைக்கலாம். அம்ஹ்லாங்கா பக்கம் அப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன. ஆனால் இரவு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வர வண்டி இருக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி லேர்னர்ஷிப். ஐடி துறைக்கு மிக்ட் சீட்டா என்ற அமைப்பு இருக்கிறது. அதன் கீழ் வருகிற லேர்னர்ஷிப்பில் படிப்பும் வேலைப் பயிற்சியும் சேர்ந்து வரும், மாதம் ஒரு சிறு உதவித்தொகையும் கிடைக்கும், முடித்தால் என்க்யூஎஃப் நிலையும் உண்டு. முதல் கேள்வியில் சொன்ன ஓட்டையை அது ஓரளவு அடைக்கும். அதில் சேர யாரும் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் அது மோசடி.

இதையெல்லாம் செய்துவிட்டு, ஒரு வேலையில் உட்கார்ந்து, அந்த சுவிட்ச் இருக்கும் அறையின் சாவி உங்கள் கைக்கு வந்த பிறகு சிசிஎன்ஏவைத் தொடங்குங்கள். பகலில் பார்த்ததை ராத்திரி படிக்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும். சில கம்பெனிகள் தேர்வுப் பணத்தையும் அவர்களே கட்டிவிடுவார்கள், சேரும்போதே கேட்டு வையுங்கள்.